கரூர் கணக்கு எங்கே போனது?

காங்கேயத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈரோடு, திருப்பூர், கரூர் ஆகிய மூன்று ஊர்களில் அதற்குக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் அன்றன்றைய விற்பனையை கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்பாக எழுதி வைக்கிறார்கள். மாதக் கடைசியில் முதலாளி மூன்று கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறார். வரிகளை நகலெடுத்துத் தன் கோப்பில் ஒட்டிக் கூட்டுகிறார். ஒட்டிய நிமிடத்திலேயே அந்த நகல் பழசாகிவிடுகிறது. ஈரோட்டுக்காரர் மறுநாள் ஒரு தொகையைத் திருத்தினால் காங்கேயத்து நகலுக்கு அது தெரியாது. இரண்டு இடத்தில் இரண்டு தொகை நிற்கும். எது சரி என்று கேட்க யாராவது போன் செய்ய வேண்டியிருக்கும்.

நகலெடுக்கும் இந்த வேலையே இல்லாமல் செய்ய கூகுள் ஷீட்ஸில் இரண்டு ஃபார்முலாக்கள் உண்டு. `IMPORTRANGE` இன்னொரு கோப்பில் உள்ள கட்டங்களை இங்கே கொண்டுவந்து காட்டும். அங்கே திருத்தினால் இங்கும் மாறும். `QUERY` அப்படி வந்த வரிகளில் வேண்டியதை மட்டும் வடிகட்டி, வகைபிரித்து, கூட்டித் தரும். இரண்டையும் சேர்த்தால் மூன்று கிளைகளின் கணக்கும் ஒரே தாளில், எப்போதும் இன்றைய நிலவரமாக நிற்கும்.

ஃபார்முலாக்களை எழுதுவதற்கு ஒரு மணி நேரம் போதும். அவை தரும் மொத்தத்தை நம்பலாமா என்று தெரிந்துகொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏனென்றால் இந்த ஏற்பாடு பிழை வரும்போதெல்லாம் சிவப்புக் கொடி காட்டுவதில்லை. சில நேரம் ஒரு கிளையின் மாத விற்பனை முழுவதையும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, அழகான ஒரு தவறான மொத்தத்தைக் கொடுத்துவிடும்.

மூன்று கோப்பும் ஒரே அச்சில்

முதல் வேலை ஃபார்முலாவில் இல்லை, கிளைக் கோப்புகளில் இருக்கிறது. மூன்றிலும் ‘விற்பனை’ என்ற பெயரில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் ஒரே ஆறு பத்திகள், ஒரே வரிசையில்: A தேதி, B கிளை, C சரக்கு, D லிட்டர், E தொகை, F வகை. வகை என்பது ரொக்கம், யூபிஐ, கடன் என்ற மூன்றில் ஒன்று. முதல் வரி தலைப்பு. இரண்டாவது வரியிலிருந்து ஒரு விற்பனைக்கு ஒரு வரி.

‘இது ஈரோட்டுக் கோப்புதானே, கிளை என்ற பத்தி எதற்கு?’ என்று தோன்றலாம். மூன்று கோப்பின் வரிகளும் ஒரே இடத்தில் அடுக்கப்பட்ட பிறகு, எந்த வரி எந்த ஊருடையது என்று சொல்ல அந்தப் பத்தி ஒன்றுதான் இருக்கும்.

ஆகஸ்ட் 2025-க்கு எட்டே எட்டு வரிகளை வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். விலை எல்லாம் கணக்கு எளிதாக இருப்பதற்காகப் போட்டவை.

| தேதி | கிளை | சரக்கு | லிட்டர் | தொகை | வகை |
|---|---|---|---|---|---|
| 04/08/2025 | ஈரோடு | தேங்காய் எண்ணெய் | 10 | 4000 | ரொக்கம் |
| 12/08/2025 | ஈரோடு | கடலை எண்ணெய் | 8 | 2000 | கடன் |
| 25/08/2025 | ஈரோடு | நல்லெண்ணெய் | 5 | 1900 | யூபிஐ |
| 05/08/2025 | திருப்பூர் | தேங்காய் எண்ணெய் | 20 | 8000 | யூபிஐ |
| 18/08/2025 | திருப்பூர் | கடலை எண்ணெய் | 12 | 3000 | கடன் |
| 07/08/2025 | கரூர் | நல்லெண்ணெய் | 10 | 3800 | ரொக்கம் |
| 20/08/2025 | கரூர் | தேங்காய் எண்ணெய் | 5 | 2000 | கடன் |
| 29/08/2025 | கரூர் | கடலை எண்ணெய் | 6 | 1500 | ரொக்கம் |

கையால் கூட்டினால் ஈரோடு 7,900 ரூபாய், திருப்பூர் 11,000, கரூர் 7,300. மொத்தம் 26,200. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி ஒரு முறை

காங்கேயத்தில் புதிதாக ஒரு கோப்பு. அதில் மூன்று தாள்கள்: ‘இணைப்பு’, ‘சேர்ப்பு’, ‘சுருக்கம்’. முதல் தாளில் A பத்தியில் கிளைகளின் பெயரும், B2, B3, B4 கட்டங்களில் அந்தந்தக் கிளைக் கோப்பின் லிங்க்கும். பிரவுசரின் முகவரிப் பட்டையில் தெரியும் லிங்க்கை அப்படியே ஒட்டினால் போதும். லிங்க்குகளை இப்படித் தனியாக வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு ஈரோட்டுக்குப் புதுக் கோப்பு போடும்போது ஒரு கட்டத்தை மட்டும் மாற்றலாம். ஃபார்முலாக்களைத் தொட வேண்டியதில்லை.

பிறகு பக்கத்தில் காலியாக உள்ள ஒரு கட்டத்தில் இதை எழுத வேண்டும்:

```
=IMPORTRANGE('இணைப்பு'!B2, "'விற்பனை'!A1:F1")
```

முதலில் வருவது எந்தக் கோப்பு, அடுத்து வருவது அதில் எந்தத் தாளின் எந்தக் கட்டங்கள். எழுதியதும் தலைப்புகள் வராது. `#REF!` என்று வரும். பயப்பட வேண்டாம். கர்சரை அதன்மேல் கொண்டுபோனால் இரண்டு கோப்பையும் இணைக்கட்டுமா என்று கேட்டு `Allow access` பொத்தான் தெரியும். அதை அழுத்தினால் தலைப்புகள் வந்து நிற்கும். B3, B4-க்கும் இப்படியே தனித்தனியாகச் செய்து அனுமதி வாங்கிவிட்டு, இந்தச் சோதனை ஃபார்முலாக்களை அழித்துவிடலாம். அனுமதி கோப்புக்குக் கோப்பு தரப்படுவது. ஃபார்முலா போனாலும் அது போகாது.

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று `IMPORTRANGE`-ஐயும் நேரே ஒரே ஃபார்முலாவில் கோத்துவிட்டால், அனுமதி இல்லாத ஒரு கோப்புக்காக மொத்தமும் பிழையாகிவிடும். அனுமதி கேட்கும் பொத்தானும் கண்ணில் படாமல் போகலாம்.

அனுமதி கொடுப்பவர் யார் என்பதும் முக்கியம். கிளைக் கோப்பைப் பார்க்கும் உரிமை உள்ளவர்தான் இதைக் கொடுக்க முடியும். அவருடைய உரிமையைக் கிளைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டால் இணைப்பும் அறுந்துபோகும். கணக்குப் பார்க்கும் பையன் தன் ஜிமெயிலில் இருந்து பொத்தானை அழுத்திவிட்டு, ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனால், அவர் பெயரை நீக்கிய அன்று சுருக்கம் நின்றுவிடும். கடைக்கென்று உள்ள கணக்கிலிருந்தோ முதலாளியின் கணக்கிலிருந்தோ அழுத்துவதே நல்லது.

ஒன்றன்கீழ் ஒன்றாக

‘சேர்ப்பு’ தாளின் முதல் வரியில் ஆறு தலைப்புகளையும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். A2 கட்டத்தில்:

```
={IMPORTRANGE('இணைப்பு'!B2, "'விற்பனை'!A2:F");
  IMPORTRANGE('இணைப்பு'!B3, "'விற்பனை'!A2:F");
  IMPORTRANGE('இணைப்பு'!B4, "'விற்பனை'!A2:F")}
```

நெளிவு அடைப்புக்குள் அரைப்புள்ளி போட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு என்று பொருள். `A2:F` என்று முடிவெண் இல்லாமல் விட்டிருப்பதால், நாளை சேரும் வரிகளும் தானே வந்துவிடும். அதோடு கிளைத் தாளின் அடியில் உள்ள காலி வரிகளும் வரும். ஈரோட்டின் மூன்று வரிகளுக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் வெற்று வரிகள், அப்புறம் திருப்பூர், மறுபடி வெற்றிடம், பிறகு கரூர். பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். இந்தத் தாள் நம் கண்ணுக்கானது அல்ல.

இங்கேயே `QUERY` போட்டுக் காலி வரிகளை நீக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். வடிகட்டும்போது காலி வரிகளோடு சேர்ந்து சில நல்ல வரிகளும் போய்விட வாய்ப்பு உண்டு. போனது தெரிய வேண்டுமானால், போவதற்கு முந்தைய நிலை எங்காவது அப்படியே இருக்க வேண்டும். கிளையிலிருந்து வந்ததை வந்தபடி வைத்திருக்கும் இடம்தான் ‘சேர்ப்பு’.

கேள்வி கேட்கும் முறை

`QUERY` ஃபார்முலாவுக்கு மூன்று பகுதி: எந்த வரிகள், என்ன கேள்வி, தலைப்பு எத்தனை வரி. கேள்வியை மேற்கோள் குறிகளுக்குள் ஒரு வாக்கியம்போல எழுத வேண்டும். தரவுத்தளங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானது. 1970-களில் ஐபிஎம் ஆய்வகத்தில் பிறந்த எஸ்க்யூஎல் மொழியின் சாயல் இதில் இருக்கிறது. எளிய கேள்வி ஒன்று:

```
=QUERY('சேர்ப்பு'!A1:F,
 "select B, sum(E) where B is not null
  group by B pivot F", 1)
```

B பத்தியையும் E-யின் கூட்டுத்தொகையையும் எடு. B காலியாக உள்ள வரிகளை விடு. கிளை வாரியாகச் சேர். F-ல் உள்ள வகைகளைப் பக்கவாட்டில் பிரித்துப் போடு. கேட்டது இவ்வளவுதான். கிடைப்பது:

| கிளை | கடன் | யூபிஐ | ரொக்கம் |
|---|---|---|---|
| ஈரோடு | 2000 | 1900 | 4000 |
| கரூர் | 2000 | | 5300 |
| திருப்பூர் | 3000 | 8000 | |

கடன் 7,000, யூபிஐ 9,900, ரொக்கம் 9,300. கூட்டினால் அதே 26,200.

எழுதும்போது இரண்டு விதிகளை மறக்கக்கூடாது. ஒன்று, சொற்களின் வரிசை: `select`, `where`, `group by`, `pivot`, `order by`, `label`. முன்பின்னாக எழுதினால் கேள்வி புரியவில்லை என்று பிழை வரும். இரண்டு, `select`-ல் கூட்டாமல் எடுக்கும் எந்தப் பத்தியும் `group by`-யிலும் இருக்க வேண்டும். கிளை வாரியாகக் கூட்டச் சொல்லிவிட்டு ‘சரக்கையும் காட்டு’ என்றால், ஒரு கிளையில் உள்ள பல சரக்குகளில் எதைக் காட்டுவது?

இன்னொன்று. இங்கே தாளில் உள்ள கட்டங்களையே சுட்டுவதால் A, B என்று எழுதினோம். `IMPORTRANGE`-ஐ நேரே `QUERY`-க்குள் வைத்தால் அந்த எழுத்துகள் செல்லாது. `Col1`, `Col2` என்றுதான் எழுத வேண்டும், அதுவும் முதல் எழுத்து பெரிய எழுத்தாக. ஒரே ஒரு கிளையின் சரக்குவாரி விற்பனை போதும் என்றால் இப்படி நேரே கேட்கலாம்:

```
=QUERY(IMPORTRANGE('இணைப்பு'!B2, "'விற்பனை'!A1:F"),
 "select Col3, sum(Col5) where Col1 is not null
  group by Col3", 1)
```

தேதியும் வகையும் தேர்ந்தெடுக்க

முதலாளிக்கு வேண்டியது ஒரு மாதத்தின் கணக்கு. சில சமயம் அதில் கடன் மட்டும். ‘சுருக்கம்’ தாளில் B1-ல் தொடக்கத் தேதி, B2-ல் முடிவுத் தேதி, B3-ல் வகை. B3-க்கு ரொக்கம், யூபிஐ, கடன் என்ற பட்டியலை டிராப்டவுனாக வைத்துவிடலாம். A6 கட்டத்தில்:

```
=QUERY('சேர்ப்பு'!A1:F,
 "select B, sum(D), sum(E)
  where A >= date '" & TEXT(B1,"yyyy-mm-dd") & "'
  and A <= date '" & TEXT(B2,"yyyy-mm-dd") & "'"
  & IF(B3="", "", " and F = '" & B3 & "'") &
 " group by B order by sum(E) desc
  label sum(D) 'லிட்டர்', sum(E) 'தொகை'", 1)
```

நீளமாகத் தெரிந்தாலும் இது ஒரே வாக்கியம்தான். நடுநடுவே வாக்கியத்தை நிறுத்தி, கட்டத்தில் உள்ளதை `&` போட்டு ஒட்டுகிறோம். `QUERY` தேதியைப் புரிந்துகொள்வது ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வடிவில்தான். B1-ல் நாம் 01/08/2025 என்று எழுதியிருந்தாலும் `TEXT` அதை 2025-08-01 என்று மாற்றிக் கொடுக்கிறது. B3 காலியாக இருந்தால் வகை பற்றிய நிபந்தனை வாக்கியத்தில் சேரவே சேராது. எல்லா வகையும் வரும்.

ஆகஸ்ட் 1 முதல் 31 வரை என்று கொடுத்தால் திருப்பூர் 32 லிட்டர், 11,000. ஈரோடு 23 லிட்டர், 7,900. கரூர் 21 லிட்டர், 7,300 என்று இறங்குவரிசையில் வரும். B3-ல் கடன் என்று தேர்ந்தெடுத்தால் திருப்பூர் 3,000, மற்ற இரண்டும் 2,000, ஆக 7,000 ரூபாய் வெளியே நிற்கிறது என்று தெரியும்.

அடியில் ஒரு மொத்த வரி வேண்டுமே? `QUERY`-யில் அதற்கு வழி இல்லை. கையால் அடியில் `SUM` எழுதினால், நான்காவது கிளை திறக்கும் அன்று பட்டியல் கீழே நீள இடமில்லாமல் முழுவதும் `#REF!` ஆகிவிடும். தன் வழியில் ஏதாவது எழுதியிருந்தால் `QUERY` அதை அழிக்காது, தானே நின்றுவிடும். ஆகவே மொத்தத்தை மேலே வையுங்கள். B4-ல் `=SUM(B7:B)`, C4-ல் `=SUM(C7:C)`. கீழே பட்டியல் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை.

சத்தமில்லாமல் காணாமல் போகும் வரிகள்

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். கரூர் கோப்பை உருவாக்கியவருடைய கணக்கில் நாடு அமெரிக்கா என்று இருந்திருக்கிறது. கோப்பும் அதே அமைப்போடு பிறந்துவிட்டது. கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு நாட்டு அமைப்பு உண்டு. அமெரிக்க முறையில் மாதம் முதலில், நாள் பிறகு.

கரூர்க்காரர் வழக்கம்போல 07/08/2025 என்று தட்டுகிறார். கோப்பு அதை ஜூலை 8 என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்து 20/08/2025. இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் கோப்பு அதைத் தேதியாகவே கருதாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. 29/08-க்கும் அதே கதி. திரையில் எண்கள் அவர் தட்டிய வரிசையிலேயே நிற்பதால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வராது.

காங்கேயத்தில் `QUERY` என்ன செய்கிறது? ஒரு பத்தியில் தேதியும் எழுத்தும் கலந்திருந்தால், எது அதிகமோ அதையே அந்தப் பத்தியின் இனமாகக் கொள்ளும். மற்றதைக் காலி என்று கருதிவிடும். எட்டில் ஆறு தேதி, இரண்டு எழுத்து. இரண்டும் காலியாகிவிட்டன. ஜூலை 8 என்று பதிவானதோ ஆகஸ்ட் வடிகட்டலில் நிற்காது. ஆக கரூரின் மூன்று வரிகளும் போயிற்று. சுருக்கத்தில் திருப்பூரும் ஈரோடும் மட்டும். மொத்தம் 18,900. எந்தக் கட்டத்திலும் பிழை இல்லை.

முதலாளி போன் செய்கிறார். “என்னப்பா, கரூர்ல இந்த மாசம் யாவாரமே இல்லையா?”

“ஏனுங்க இப்படிக் கேக்கறீங்க? தெனமும் போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். நீங்களே தெறந்து பாருங்க” என்கிறார் அவர். திறந்து பார்த்தால் வரிகள் இருக்கின்றன. இரண்டு பேரும் உண்மையே பேசுகிறார்கள்.

இந்த உதாரணத்தில் ஒரு கிளையே முழுதாகக் காணாமல் போனதால் கண்ணில் பட்டது. நிஜக் கோப்பில் மாதம் நூறு வரி இருக்கும். அமெரிக்க அமைப்பில் 1-ஆம் தேதியிலிருந்து 12 வரை உள்ளவை வேறுவேறு மாதங்களுக்குச் சிதறும். 8/8 மட்டும் தற்செயலாகச் சரியாக விழும். அந்த ஒரு நாள் விற்பனை கரூர் என்ற பெயரில் சுருக்கத்தில் நிற்கும்போது, கிளை வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

தொகைப் பத்தியிலும் இதே விபத்துக்கு இடமுண்டு. நம் ஊர்ப் பில் புத்தகப் பழக்கத்தில் 1250/- என்று எழுதிவிட்டால் அது எண் அல்ல, எழுத்து. கூட்டலில் சேராது. இதைக் கண்டுபிடிக்க, கிளைக் கோப்பில் ஒரு `SUM` போட்டு காங்கேயத்து மொத்தத்தோடு ஒப்பிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது உதவாது. `SUM`-மும் எழுத்தைத் தாண்டிப் போய்விடும் என்பதால், இரண்டு இடத்திலும் ஒரே தவறான தொகை வந்து, பொருந்திவிட்டது என்று நிம்மதியைக் கொடுக்கும்.

ஒப்பிட வேண்டியது தொகையை அல்ல, எண்ணிக்கையை. ‘சுருக்கம்’ தாளின் ஓரத்தில், மொத்தத்துக்குப் பக்கத்திலேயே மூன்று கட்டங்கள்:

```
=COUNTA('சேர்ப்பு'!B2:B)
=COUNT('சேர்ப்பு'!A2:A)
=COUNT('சேர்ப்பு'!E2:E)
```

`COUNTA` எதையாவது எழுதியிருக்கும் கட்டங்களை எண்ணும். `COUNT` எண்ணாக உள்ளவற்றை மட்டும் எண்ணும்; தேதியும் அதற்கு எண்தான். கிளைப் பெயர் உள்ள வரிகள் எத்தனையோ, அத்தனை தேதியும் அத்தனை தொகையும் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 8, 6, 8 என்று வரும். இரண்டு தேதிகள் தேதியாக இல்லை என்று அர்த்தம். ஜூலையாக மாறிய வரியை இது நேரடியாகப் பிடிக்காதுதான். ஆனால் ஒரு கோப்பில் 12-க்கு மேற்பட்ட நாட்கள் எழுத்தாகக் கிடந்தால், அதே கோப்பின் மற்ற நாட்களும் தலைகீழாகவே பதிந்திருக்கும். ‘சேர்ப்பு’ தாளைக் கண்ணால் பார்த்தாலும் தடயம் இருக்கிறது. யாரும் ஓரம் மாற்றி வைக்காத தாளில் தேதியும் எண்ணும் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம்.

திருத்துவதற்கு, கரூர் கோப்பில் `File` மெனுவில் `Settings` திறந்து, `Locale` என்ற இடத்தில் `India` என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் பழைய வரிகள் தாமாகத் திருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். ஜூலை 8 ஜூலை 8-ஆகவே இருக்கும். அந்தத் தேதிகளை மறுபடி தட்டத்தான் வேண்டும். இனி வராமல் தடுக்க, மூன்று கோப்பிலும் `Data` மெனுவின் `Data validation` மூலம் A பத்திக்குச் சரியான தேதி மட்டும், E பத்திக்கு எண் மட்டும் என்று விதி வைத்து, மீறினால் ஏற்காதே என்று சொல்லிவிடலாம். கிளை, சரக்கு, வகை ஆகிய மூன்றுக்கும் டிராப்டவுன். ‘கரூர்’ என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தாலே `QUERY` அதை வேறொரு ஊராகக் கருதித் தனி வரி போட்டுவிடும்.

மூன்று எண்ணிக்கையும் பொருந்தியும் தொகை விநோதமாக வந்தால், கிளைக் கோப்பில் யாராவது நடுவே ஒரு பத்தியைச் செருகினார்களா என்று பாருங்கள். `"'விற்பனை'!A2:F"` என்பது மேற்கோளுக்குள் உள்ள வெறும் எழுத்து. சாதாரண ஃபார்முலாபோல அது தானே நகர்ந்துகொடுக்காது. சரக்குக்கு அடுத்து ‘பில் எண்’ என்று ஒரு பத்தி சேர்த்தால், லிட்டர் இருந்த இடத்துக்குப் பில் எண்ணும், தொகை இருந்த இடத்துக்கு லிட்டரும் வந்துவிடும். எல்லாம் எண்கள் என்பதால் எண்ணிக்கைச் சோதனையும் ஏமாந்துபோகும். புதுப் பத்தி வேண்டுமென்றால் G-யில் சேர்க்கச் சொல்லுங்கள். தாளின் பெயரை மாற்றினால் மட்டும் உடனே `#REF!` வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு ‘உடனுக்குடன்’?

ஈரோட்டில் ஒரு வரி சேர்ந்ததும், காங்கேயத்துக் கோப்பு திறந்திருந்தால் சிறிது நேரத்தில் அது வந்துவிடும். அதோடு, கோப்பு திறந்திருக்கும்வரை மணிக்கு ஒரு முறை `IMPORTRANGE` தானாகவே புதுப்பித்துப் பார்த்துக்கொள்ளும். சில நொடிகள், சில சமயம் அதற்கும் கூடுதலாகத் தாமதம் இருக்கும். கிளைக் கோப்பில் கனமான கணக்குகள் ஓடினால், அவை முடியும்வரை இதுவும் காத்திருக்கும். இரவில் நாள் கணக்கு முடிக்க இது தாராளம். கல்லாவில் நின்றபடி ‘இந்த டின் இன்னும் இருக்கிறதா, விற்றுவிட்டதா’ என்று நொடிக்கு நொடி கேட்கும் வேலைக்கு இதை நம்பக்கூடாது.

அளவிலும் எல்லை உண்டு. ஒரு `IMPORTRANGE` ஒரு முறையில் 10 எம்பி வரைதான் கொண்டுவரும். ஒரு கோப்பில் மொத்தம் ஒரு கோடி கட்டங்களுக்கு மேல் கூடாது. நம் கடைக்கு இந்த எல்லைகள் வெகுதூரம். ஆனால் கிளைகள் பெருகி, ஆண்டுகள் சேர்ந்து, தாள் திணறத் தொடங்கினால் வழி இருக்கிறது. ஒவ்வொரு கிளைக் கோப்பிலேயே ஒரு `QUERY` போட்டு நாள்வாரி மொத்தமாகச் சுருக்கிவிட்டு, அந்தச் சுருக்கத்தை மட்டும் காங்கேயத்துக்கு இழுக்கலாம். ஆயிரம் பில்களுக்குப் பதில் முப்பது வரிகள் பயணம் செய்யும். அப்போது எண்ணிக்கைச் சோதனையும் கிளைக் கோப்புக்கே போக வேண்டும். அங்கே வடிகட்டலில் போன வரி இங்கே வந்து சேரவே சேராது.

யார் எதைப் பார்க்கலாம்

`Allow access` என்று அழுத்தும்போது நாம் ‘விற்பனை’ தாளை மட்டும் திறந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் கோப்பு முழுவதும் திறக்கிறது. சுருக்கக் கோப்பில் எழுதும் உரிமை உள்ள எவரும் ஃபார்முலாவில் தாளின் பெயரை மாற்றி, அதே கிளைக் கோப்பின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ளலாம். திருப்பூர் கோப்பில் ‘சம்பளம்’ என்று இன்னொரு தாள் இருந்தால் அதுவும் இதில் அடக்கம். சம்பளம், வாடிக்கையாளரின் போன் எண் போன்றவை விற்பனைக் கோப்பில் இருக்கக்கூடாது. தனிக் கோப்பில் இருக்கட்டும்.

கிளைக்காரர்களுக்குச் சுருக்கத்தைக் காட்ட வேண்டுமானால் எழுதும் உரிமை தராமல் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். ‘சேர்ப்பு’ தாளை மறைத்து வைத்துவிட்டோம், போதும் என்றும் இருக்காதீர்கள். பார்க்கும் உரிமை உள்ளவர் கோப்பை நகலெடுத்து, நகலில் அந்த மறைப்பை நீக்கிவிட முடியும். ஒரு கிளையின் பில் விவரம் இன்னொரு கிளைக்குத் தெரியக்கூடாது என்றால், மொத்தங்களை மட்டும் இழுக்கும் இன்னொரு கோப்பை அவர்களுக்கென்று உருவாக்குவதே வழி. அதற்கும் இதே `IMPORTRANGE` போதும். இழுப்பது ‘சுருக்கம்’ தாளின் `A6:C` கட்டங்களை மட்டும். அந்தக் கோப்பிலும் கிளைக்காரர்களுக்குப் பார்க்கும் உரிமைக்கு மேல் வேண்டாம். அவர்கள் அதைத் திறந்ததும் மூன்று எண்ணிக்கையும் கண்ணில் படுமாறு அவற்றையும் சேர்த்தே இழுத்துவிட்டால், முதலாளி போன் செய்வதற்கு முன் கரூர்க்காரரே தன் தேதியைத் திருத்திவிடுவார்.